40 இல் 3/5 எப்படி 32 ஆயிற்று?

“என் மகன் ஐந்தாம் வகுப்பு. ‘40 இல் 3/5 எவ்வளவு?’ மாதிரி பத்துக் கணக்குகள் இருந்த பயிற்சித்தாளை முடித்துக் கொண்டுவந்தான். ஆறு சரி, நான்கு தப்பு. முதலில் வகுக்கணும், அப்புறம் பெருக்கணும் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். வகுத்தலும் வாய்ப்பாடும் அவனுக்கு நன்றாகவே வரும். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன். 20 இல் 1/2 = 10, 16 இல் 1/4 = 4, 12 இல் 1/3 = 4, 28 இல் 3/4 = 21, 24 இல் 2/3 = 16, 30 இல் 5/6 = 25, 40 இல் 3/5 = 32, 35 இல் 2/7 = 30, 27 இல் 4/9 = 24, 16 இல் 3/8 = 14. கவனக்குறைவுதானா? எப்படித் திருத்துவது? பெருக்கிவிட்டு வகுத்தால் தப்பா?”

கவனக்குறைவு இல்லை. உங்கள் மகன் எழுதிய பத்து விடைகளையும் நீங்கள் முழுசாகத் தந்தது நல்லதாயிற்று. நான்கு தப்பை மட்டும் எழுதியிருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்குச் சொல்லித்தருகிறேன். இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் சரியான விடைகளையும் சேர்த்துத்தான் படிப்பேன்.

முதலில் தப்பான நான்கைப் பாருங்கள். 40 ஐ 5 ஆல் வகுத்தால் 8. அவன் எழுதியது 32. நாற்பதிலிருந்து எட்டைக் கழித்தால் 32. அடுத்தது 35 இல் 2/7. ஏழால் வகுத்தால் 5, முப்பத்தைந்தில் ஐந்து போனால் 30. 27 ஐ 9 ஆல் வகுத்தால் 3, கழித்தால் 24. 16 ஐ 8 ஆல் வகுத்தால் 2, கழித்தால் 14. நான்கும் அவன் எழுதிய விடைகளேதான். அதாவது வகுத்தலை ஒவ்வொரு தடவையும் சரியாகச் செய்திருக்கிறான். பெருக்க வேண்டிய இடத்தில் முழுத்தொகையிலிருந்து ஒரு பங்கைக் கழித்திருக்கிறான். மேலே இருக்கும் 3, 2, 4, 3 என்ற எண்களை அவன் தொடவே இல்லை.

இனி சரியான ஆறு. அரை, கால், மூன்றில் ஒன்று ஆகிய மூன்றிலும் மேலே இருப்பது 1. வகுத்ததோடு வேலை முடிந்துவிடும், பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை. மிச்சம் 3/4, 2/3, 5/6. இந்த மூன்றிலும் மேலே உள்ள எண் கீழே உள்ளதைவிடச் சரியாக ஒன்று குறைவு. நான்கு பங்கில் மூன்று என்றால் ஒரே ஒரு பங்குதான் விடுபடுகிறது. ஆறு பங்கில் ஐந்து என்றாலும் அப்படித்தான். அதனால் 28 இலிருந்து 7 ஐக் கழித்தாலும் 21, ஏழை மூன்றால் பெருக்கினாலும் 21. தாளில் சரி என்று குறி விழுந்துவிட்டது. அந்த மூன்று கணக்குகளையும் அவன் எந்த வழியில் போட்டான் என்று விடை சொல்லாது.

ஆக, மேலே 1 இருந்தால் வகுத்து நிறுத்து, இல்லாவிட்டால் வகுத்து வந்ததை முழுத்தொகையில் கழி என்ற ஒரே வழி பத்து விடைகளையும் விளக்கிவிடுகிறது. அவனைப் பொறுத்தவரை பத்தும் ஒழுங்காகப் போட்ட கணக்குகள். “இன்னும் கவனமாகப் போடு” என்று சொன்னால் இதே தப்பை இன்னும் கவனமாகப் போடுவான்.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 40 க்கு 32 என்ற ஒரு விடையை மட்டும் வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. எட்டை மூன்றால் பெருக்குவதற்குப் பதில் வாய்ப்பாட்டில் ஒரு வரி தாண்டி நாலெட்டு முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தாலும் 32 தான் வரும். ஆனால் 30, 24, 14 மூன்றும் அதே தாளில் கூடவே நிற்கின்றன. நான்கு இடத்திலும் தற்செயலாக ஒரு பங்கு கழிந்து நிற்காது. கழித்திருக்கிறான் என்பது உறுதி. எதனால் கழித்தான் என்பது என் ஊகம். முக்கால் என்பதை “முழுசில் கால் குறைவு” என்று அவன் முதலில் பிடித்துக்கொண்டிருக்கலாம். அது சரியான புரிதல்தான். அதையே எல்லாப் பின்னத்துக்கும் நீட்டியிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு சிறுமி இதே 32 ஐ எழுதினாள். தப்புக்குறி போடாமல், எப்படி வந்தது சொல்லு என்றேன். “அஞ்சால வகுத்தா எட்டு டீச்சர். நாப்பதுல எட்டு போனா முப்பத்திரண்டு.” எதுக்கும்மா எட்டைக் கழிக்கணும் என்று கேட்டேன். “முக்காலுக்கு அப்படித்தானே வரும்?” என்றாள். அவள் குரலில் தயக்கமே இல்லை. அதுவரை நான் அந்த வகுப்புக்குக் கொடுத்த கணக்குகளைப் புரட்டிப் பார்த்தேன். 3/4, 2/3, 4/5 என்றுதான் அதிகம் இருந்தன. அவளுடைய வழி தப்பு என்று காட்டும் கணக்கையே நான் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து தாள் தயாரிக்கும்போது எண்களைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறேன்.

உங்கள் மகனிடம் என் ஊகம் சரியா என்று பார்க்க இரண்டு கணக்கு போதும். 50 இல் 4/5 எவ்வளவு, 50 இல் 2/5 எவ்வளவு? ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுங்கள். வழியைச் சொல்லித்தர வேண்டாம், பேசாமல் இருங்கள். கழிக்கும் பழக்கம் இருந்தால் இரண்டுக்கும் 40 என்றே எழுதுவான். முதலாவது சரி, இரண்டாவது 20 ஆக இருக்க வேண்டும். அப்போது தப்பு என்று சொல்லாதீர்கள். “ஐந்தில் நான்கு பங்கு எடுத்தாலும் 40, ஐந்தில் இரண்டு பங்கு எடுத்தாலும் 40 வருதே?” என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வியில் அவனே நின்றுவிடுவான். மாறாக இரண்டையும் சரியாகப் போட்டுவிட்டால் என் ஊகம் அவனுக்குப் பொருந்தவில்லை என்று வைத்துக்கொண்டு, பழைய தாளிலிருந்து 35 இல் 2/7 ஐ வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள்.

அவன் நின்றுவிட்ட அந்த நிமிடத்தில்தான் படம் வரைய வேண்டும். வெறும் தாளில் விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை வரையுங்கள். பட்டையின் மேலே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கோடு இழுத்து 40 என்று எழுதுங்கள். முழுப் பட்டையும் சேர்ந்துதான் நாற்பது என்பதை அவன் வாயால் சொல்லட்டும். பிறகு நான்கு குறுக்குக் கோடு போட்டு ஐந்து கட்டமாக்கட்டும். இந்த இடத்தில் பிள்ளைகள் ஐந்து கோடு போட்டு ஆறு கட்டம் ஆக்கிவிடுவார்கள், கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். கட்டங்கள் அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. எல்லாம் சமம் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும்.

ஒரு கட்டத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். எட்டு என்பான். அந்த எட்டை ஐந்து கட்டத்திலும் எழுத வைக்க வேண்டும், ஒரு கட்டத்தில் மட்டும் எழுதிவிட்டு நகர விடாதீர்கள். நான் பார்த்தவரை இந்தச் சின்ன விஷயத்தில்தான் புரிவதும் புரியாததும் இருக்கிறது. வகுத்து வந்த 8 என்பது விடையும் இல்லை, கழிக்க வேண்டியதும் இல்லை. அது ஒரு கட்டத்தின் அளவு. ஐந்து எட்டுகள் வரிசையாகக் கண்முன் நிற்கும்போது, இதில் மூன்று கட்டத்துக்கு நிழல் அடி என்றால் எட்டு, பதினாறு, இருபத்திநான்கு என்று அவனே எண்ணிவிடுவான். எண்ணியதற்கு இன்னொரு பெயர்தான் எட்டை மூன்றால் பெருக்குவது என்று அப்போது சொன்னால் போதும். நிழல் விழாத இரண்டு கட்டத்தைக் காட்டி அது எவ்வளவு என்று கேளுங்கள். 16. இருபத்திநான்கும் பதினாறும் நாற்பது. பட்டை முழுசும் கணக்கில் வந்துவிட்டது.

இப்போது அவனுடைய 32 ஐயும் அதே பட்டையில் காட்டலாம். நாற்பதிலிருந்து ஒரு கட்டத்தைக் கழித்தால் நிற்பது நான்கு கட்டம். ஆகவே 32 என்பது 40 இல் 4/5. அவன் போட்டது இல்லாத கணக்கு இல்லை, பக்கத்துக் கணக்கு. மூன்று கட்டம் வேண்டுமென்றால் இரண்டு கட்டத்தைக் கழித்திருக்க வேண்டும்: 40 இலிருந்து 16 போனால் 24. இதைச் சொல்ல மறக்காதீர்கள். கழிப்பதே தப்பு என்று அவன் எடுத்துக்கொண்டால் நல்ல வழி ஒன்றை இழந்துவிடுவான். 60 இல் 19/20 என்று வந்தால் 3 ஐப் பத்தொன்பதால் பெருக்குவதைவிட அறுபதில் மூன்று போக 57 என்பது சுலபம். எத்தனை பங்கு விடுபடுகிறது என்று பார்த்துவிட்டுக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் விட்டது.

பட்டைக்கும் ஒரு எல்லை உண்டு. கீழே 5, 8, 10 இருக்கும்வரை வரையலாம். 75 இல் 17/25 க்குக் கட்டம் போடச் சொன்னால் பிள்ளை கோடு போட்டே களைத்துவிடும். அதற்குள் “ஒரு பங்கு எவ்வளவு?” என்ற கேள்வி அவன் வாயில் பழகியிருக்க வேண்டும். நான் தாளில் மூன்று வரியாக எழுத வைப்பேன். ஐந்து பங்கு = 40, ஒரு பங்கு = 8, மூன்று பங்கு = 24. நடுவரி கண்டிப்பாக இருக்க வேண்டும். படம் இல்லாவிட்டாலும் அந்த மூன்று வரிகளில் பட்டை இருக்கிறது.

“கீழே இருப்பதால் வகு, மேலே இருப்பதால் பெருக்கு” என்ற சூத்திரத்தை நான் இப்போது முதலில் சொல்வதில்லை. எழுத்தில் 3 மேலே இருப்பதால் கண் அதைத்தான் முதலில் படிக்கிறது. “மூணு பை அஞ்சு” என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு மூன்றுதான் முதலில் காதில் விழுகிறது, அதனால் மூன்றால் வகுக்கப் போகிறது. நம் பேச்சில் “ஐந்தில் மூன்று” என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து முதலில் வருகிறது. ஐந்தாகப் பிரி, அதில் மூன்றை எடு என்று செய்முறையே சொல்லின் வரிசையில் இருக்கிறது. முக்கால் என்பதும் அப்படித்தான், மூன்று கால். கால் எவ்வளவு என்று தெரியாமல் மூன்று காலை எடுக்க முடியாது. எழுதியிருப்பது எதுவானாலும் கணக்கைத் தொடங்கும் முன் “நாற்பதை ஐந்தாக்கினால், அதில் மூன்று” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மேலே கீழே தடுமாறும் பிள்ளைகளுக்கு இது நன்றாக உதவுகிறது.

பெருக்கிவிட்டு வகுப்பது தப்பு இல்லை. 40 ஐ 3 ஆல் பெருக்கினால் 120, அதை 5 ஆல் வகுத்தால் 24. அதே விடை எப்போதும் வரும், இதில் விதிவிலக்கு கிடையாது. ஒரே பட்டையை மூன்று தடவை வரிசையாக ஒட்டி, அந்த நீளத்தை ஐந்தாக வெட்டி ஒரு துண்டை எடுப்பதும், ஒரு பட்டையை ஐந்தாக வெட்டி மூன்று துண்டை எடுப்பதும் ஒரே அளவுதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு நடுவில் வரும் அந்த 120 எதைக் குறிக்கிறது என்று சொல்வது கஷ்டம். நாற்பதில் ஒரு பகுதியைத்தானே கேட்டார்கள், 120 எங்கிருந்து வந்தது என்று குழம்பும். எட்டுக்கு அந்தக் குழப்பம் இல்லை, அது படத்திலேயே இருக்கிறது. எண்ணும் சிறிதாக இருக்கிறது. அதனால் தொடக்கத்தில் வகுத்துவிட்டுப் பெருக்குவதையே நான் பழக்குகிறேன்.

வரிசையை மாற்ற வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வகுபடாத கணக்கு. 42 இல் 3/5 என்று வந்தால் 42 ஐ 5 ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 2. பிள்ளைகள் மீதியை அப்படியே விட்டுவிட்டு எட்டை மூன்றால் பெருக்கி 24 என்று எழுதுவார்கள். 40 க்கும் 24, 42 க்கும் 24 என்று வந்தால் எங்கோ இரண்டு காணாமல் போயிருக்கிறது. இங்கே முதலில் பெருக்கினால் 126, அதை ஐந்தால் வகுத்தால் 25, மீதி 1, அதாவது 25 1/5. மீதி ஒரே ஒரு இடத்தில், கடைசியில் வருகிறது. தசமத்தில் போடும் பெரிய பிள்ளைகளுக்கும் இதுவே நல்லது. 20 இல் 2/3 க்கு முதலில் வகுத்து 6.67 என்று முழுமைப்படுத்திவிட்டால், இரண்டால் பெருக்கும்போது 13.34 ஆகிவிடும். முதலில் பெருக்கி 40 ஐ மூன்றால் வகுத்தால் 13.33 வரும். முழுமைப்படுத்தியபோது நேர்ந்த சின்னப் பிசகை மேலே உள்ள எண் பெருக்கிவிடுகிறது.

வகுபடவில்லை என்றவுடன் பதறாமல் இருக்க ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பின்னம் சுருக்கிய வடிவில் இருந்து, விடை முழு எண்ணாக வருமென்றால், கீழே உள்ள எண்ணால் தொகை மீதியில்லாமல் வகுபட்டே தீரும். 3 க்கும் 5 க்கும் பொதுக் காரணி 1 தவிர வேறு இல்லை. அதனால் தொகையின் மும்மடங்கு ஐந்தால் வகுபட வேண்டுமென்றால் தொகையே ஐந்தால் வகுபட்டாக வேண்டும். ஆகவே வகுக்கும்போது மீதி வந்தால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். வகுத்ததில் பிழை, அல்லது விடை முழு எண் அல்ல, அல்லது பின்னம் சுருக்காமல் கிடக்கிறது. 9 இல் 4/6 மூன்றாவது வகை. ஆறால் ஒன்பது வகுபடாது. 4/6 ஐ 2/3 ஆகச் சுருக்கிவிட்டால் ஒரு பங்கு 3, இரண்டு பங்கு 6.

விடை வந்ததும் சரிபார்க்க அவனுக்கு ஒரு வழி சொல்லித்தாருங்கள். கேட்டிருக்கும் பின்னம் பாதிக்கு மேலா கீழா? 2/7 பாதிக்குக் கீழே. 35 இல் பாதி பதினேழரை. அப்படியிருக்க விடை 30 ஆக முடியாது. 27 க்கு அவன் எழுதிய 24 உம், 16 க்கு எழுதிய 14 உம் இதே சோதனையில் விழுந்துவிடும். ஆனால் 32 தப்பித்துவிடும், ஏனென்றால் 3/5 பாதிக்கு மேலே, 32 உம் இருபதுக்கு மேலே, நாற்பதுக்குக் கீழே. அதனால் பாதியோடு ஒப்பிடுவது பெரிய தப்புகளை மட்டுமே பிடிக்கும். மிச்சப் பங்கையும் கண்டுபிடித்துக் கூட்டிப் பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை: எடுத்த மூன்று பங்கு 24, விட்ட இரண்டு பங்கு 16, கூட்டினால் 40. இன்னொன்று, விடை எப்போதும் தொகையைவிடச் சிறியதாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவைத்துவிடாதீர்கள். தகு பின்னம்வரை அது சரி. அடுத்து 40 இல் 7/5 என்று வரும், அதற்கு விடை 56.

கொஞ்ச நாளில் புத்தகத்தில் இன்னொரு கணக்கு எதிர்ப்படும். ஓர் எண்ணின் 3/5 பங்கு 24, அந்த எண் எது? சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை 24 ஐ ஐந்தால் வகுக்கப் போய் மாட்டிக்கொள்ளும். இங்கே மூன்றால் வகுத்து ஐந்தால் பெருக்க வேண்டும், சூத்திரம் தலைகீழாகிவிடுகிறது. பட்டையோ மாறுவதில்லை. நிழல் விழுந்த மூன்று கட்டம் சேர்ந்து 24, ஆகவே ஒரு கட்டம் 8, ஐந்து கட்டம் 40. “ஒரு பங்கு எவ்வளவு?” என்று கேட்கப் பழகியவனுக்கு இது புதுக் கணக்கே இல்லை. படத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்ததற்கு இதுதான் காரணம்.

அடுத்த தாளை நீங்களே எழுதிக் கொடுப்பதாக இருந்தால் எண்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வையுங்கள். மேலே உள்ள எண் கீழே உள்ளதைவிட ஒன்றே குறைவாக இருக்கும் பின்னங்களை இப்போதைக்குத் தவிருங்கள், அவற்றில் அவனுடைய பழைய வழி ஒளிந்துகொள்ளும். 10 இல் 2/5 போன்றதும் வேண்டாம். ஒரு பங்கு 2, அதை இரண்டால் பெருக்கினாலும் 4, இரண்டைக் கூட்டினாலும் 4. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு 30 இல் 3/5. சரியான விடை 18. வகுத்ததோடு நிறுத்தினால் 6. பெருக்குவதற்குப் பதில் மூன்றைக் கூட்டினால் 9. விட்ட பங்கை விடையாக எழுதினால் 12. ஒரு பங்கைக் கழித்தால் 24. மேலும் கீழும் மாறி, மூன்றால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 50. ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் வேறு வேறு விடை வருகிறது. 40 இல் 3/5 க்கு இந்த வசதி முழுசாக இல்லை, மூன்றால் 40 வகுபடாததால் தலைகீழாகப் போடும் பிள்ளை பாதியில் நின்றுவிடும், ஏன் நின்றது என்று தாளில் தெரியாது. 30 இல் 3/5, 24 இல் 3/8, 42 இல் 2/7 என்று மூன்று மட்டும் இன்றைக்குப் போதும். பங்கு எவ்வளவு என்ற நடுவரியோடு எழுதச் சொல்லுங்கள். முறையே 18, 9, 12 வர வேண்டும். 24, 21, 36 என்று வந்தால் அவன் இன்னும் கழிக்கிறான், பட்டைக்கே திரும்பிப் போங்கள்.